டொராண்டோவில் மணி எட்டரை

2025 நவம்பர் 3, திங்கட்கிழமை. ஐப்பசி பதினேழு. காலை ஒன்பதே முக்காலுக்கு எழுந்தேன். சனி, ஞாயிறு எனக்கு விடுமுறை என்றாலும் தூங்கும் நேரத்தை நான் மாற்றுவதில்லை. மாற்றினால் திங்கட்கிழமை இரவு கண் எரியும், செவ்வாய்க்கிழமை தலை வலிக்கும். பால் காய்ச்சிக் காப்பி போட்டேன். முந்தின நாள் துவைத்த துணிகள் ஈரம் விடாமல் இருந்தன. அவற்றைக் கூடத்துக் கொடியிலிருந்து மின்விசிறிக்குக் கீழே மாற்றிப் போட்டேன். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. நாகப்பட்டினத்தில் வேலையில் இருக்கும் கணவர், அங்கேயும் மழை என்று செய்தி அனுப்பியிருந்தார். அறுத்த குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு வெளியே தார்ப்பாயால் மூடிப் போட்டிருக்கிறார்கள் என்றும், ஒரு பக்கம் முளை விட ஆரம்பித்துவிட்டது என்றும் எழுதியிருந்தார்.

பத்தரைக்கு என் வேலை அறைக்குப் போய்க் கடிகாரத்தைத் திருப்பிவைத்தேன். அந்த அறையில் இரண்டு சுவர்க் கடிகாரங்கள். ஒன்றில் நம் நேரம். மற்றதில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதி நேரம். ஓஹையோவில் இருக்கும் ஒரு மருத்துவமனைக்காக, காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தராமல் திருப்பியனுப்பும் கோரிக்கைகளைத் தொடர்ந்து கேட்டு முடிப்பது என் வேலை. திருச்சி அலுவலகத்தில் பதினோரு வருடம் செய்தேன். கொரோனாவுக்குப் பிறகு தஞ்சாவூர் வீட்டிலிருந்தே செய்கிறேன். அமெரிக்காவிலும் கனடாவிலும் மார்ச் மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அதைப் பின்னால் இழுத்துவிடுவார்கள். நாம் எதையும் தொடுவதில்லை. அதனால் போன வாரம்வரை மாலை ஐந்தரைக்குத் தொடங்கிய என் வேலை இன்று முதல் ஆறரைக்குத் தொடங்கும். பின்னிரவு இரண்டரைக்கு முடிந்தது மூன்றரைக்கு முடியும். மார்ச் வரைக்கும் இப்படித்தான்.

இந்த ஒரு மணி நேரம் சின்ன விஷயம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். எங்கள் வேலையில் எல்லாமே அதை ஒட்டித்தான் நகரும். அவர்கள் அலுவலகத்துக்கு வரும்போது நமக்குச் சாயங்காலம். கேட்க வேண்டியதை அந்தச் சில மணி நேரத்துக்குள் கேட்டாக வேண்டும். விட்டால் மறுநாள்தான். பேசிப் புரியவைக்க ஆள் இல்லாததால் எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். அவர்கள் பிற்பகலில் கூடி முடிவெடுக்கும்போது இங்கே நடுநிசி தாண்டியிருக்கும், எங்களைக் கூப்பிட மாட்டார்கள். கூட்டத்தில் இல்லாதவர் தலையில்தான் பிழை விழும். பதவி உயர்வும் அந்தக் கூட்டத்தில் முகம் தெரிந்தவருக்குத்தான் போகும். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் நான் முகூர்த்தத்துக்கு மட்டும் தலைகாட்டிவிட்டு, சாப்பிடாமல் வந்து தூங்குவேன். பழகிவிட்டது.

மாடியில் என் தம்பியும் அவன் மனைவியும் குடியிருக்கிறார்கள். தம்பிக்கு நாற்பத்தொரு வயது. ஊருக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் பதினான்கு வருடம் விரிவுரையாளராக இருந்தான். இருந்தான் என்று எழுதக் காரணம், முந்தின வெள்ளிக்கிழமைதான் அங்கிருந்து விடுபட்டான். டொராண்டோவைச் சேர்ந்த ஒரு மென்பொருள் நிறுவனத்தில், வீட்டிலிருந்தே செய்யும் தொழில்நுட்ப உதவி வேலை கிடைத்திருந்தது. நவம்பர் 8, சனிக்கிழமை அவன் பாங்காக் கிளம்ப வேண்டும். ஆசிய ஊழியர்களுக்கு அங்கே இரண்டு வாரப் பயிற்சி, டிக்கெட் நிறுவனத்தின் செலவு.

வேலைக்கான கடிதம் ஒரு மாதத்துக்கு முன் வந்தபோது அவன் அதை என்னிடம்தான் முதலில் கொண்டுவந்தான். நான்கு விஷயங்கள் கேட்டேன். அந்தப் பெயரில் நிறுவனம் இருக்கிறதா? இருந்தது. இணையதளம், பதினைந்து வருடப் பழைய செய்திகள், எல்லாம் இருந்தன. நேர்காணல் நடத்தியது யார்? ஒரு மேலாளர், முகம் காட்டாமல், இணைப்பு சரியில்லை என்று சொல்லிக் குரலில் மட்டும். அது எனக்கு உறுத்தியது. வெளிநாட்டு நிறுவனம் இங்கே ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தால், இங்கே பதிவான ஒரு நிறுவனம் வழியாகத்தான் வைக்கும், இல்லையென்றால் ஒப்பந்தக்காரராக எடுக்கும். இதில் எது, பி.எஃப். யார் கட்டுவார்கள்? 'சேர்ந்த பிறகு விவரம் வரும்' என்று பதில் வந்தது. கனடாக்காரர் கேள்வி கேட்கும் நேரம் நமக்கு ராத்திரி. உனக்கு ஏன் காலை பத்திலிருந்து வேலை? அதற்கு மட்டும் அவன் உடனே பதில் சொன்னான்.

"அவங்க தூங்கும்போது சர்வர் தூங்காதில்லக்கா. அதைப் பாத்துக்கத்தான் ஏசியா டீம். நீ ராத்திரி முழிக்கிறங்கிறதுக்காக உலகமே முழிக்கணுமா?"

அந்தப் பதிலில் தவறில்லை. அப்படி வேலை தரும் நிறுவனங்கள் உண்டு. கடிதத்தை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு வந்த ஒரு மின்னஞ்சல்தான் எங்கள் எல்லோரையும் சமாதானப்படுத்தியது. சான்றிதழ்களின் அசலையும் பாஸ்போர்ட்டையும் சென்னையில் இருக்கும் அவர்களுடைய பயணப் பிரிவுக்குக் கூரியரில் அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இதைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். எங்கள் பக்கத்துத் தனியார் கல்லூரிகளில் வேலைக்குச் சேரும் அன்றே பத்தாம் வகுப்பிலிருந்து பட்டமேற்படிப்பு வரை எல்லா அசலையும் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பருவம் முடியாமல் ஆள் ஓடிவிடக் கூடாது என்பதற்காக. ஒரு வங்கிக் கடனுக்கு அசல் வேண்டுமென்றால்கூட எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். அப்படி வாங்கிவைத்துக்கொள்வதை நாங்கள் யாரும் தவறென்று நினைத்ததே இல்லை. வாங்கிக்கொண்டால் வேலை நிச்சயம் என்றுதான் அர்த்தம்.

"ஒரிஜினல் கேட்டுட்டாங்களா? அப்ப உண்மையான கம்பெனிதான் அண்ணி," என்றாள் தம்பி மனைவி. அவள் மன்னார்குடிப் பக்கம். எதையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவாள். எனக்கும் அன்று மனம் லேசானது. என் நிறுவனம் என்னிடம் எப்போதும் நகல்தான் வாங்கியது, சரிபார்ப்பதற்கென்றே இருக்கும் வேறொரு நிறுவனம் என் கல்லூரிக்கு எழுதிக் கேட்டுக்கொண்டது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை பிற்பகல் தம்பி மனைவி கீழே வந்தாள். கையில் அவன் சட்டை ஒன்று, பொத்தான் தைப்பதற்கு.

"உங்க தம்பிக்கு பாங்காக்ல போட்டுக்க பூப்போட்ட சட்டை வேணுமாம் அண்ணி. நான் சொன்னேன், இருக்கிற தொப்பைக்கு கட்டம் போட்டதே போதும்னு."

"என்ன சொன்னான்?"

"ரெண்டு வாரத்துல கரைஞ்சிடுமாம். அங்க சோறு ருசியா இருக்காதாம்." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "பன்னெண்டு மணியிலேர்ந்து மழை விடுமான்னு பாத்துட்டே இருக்காரு. காலேஜ்ல வெள்ளிக்கிழமை திருப்பிக் குடுத்த ஒரிஜினலையெல்லாம் இன்னைக்கே கூரியர்ல அனுப்பிடணுமாம். அந்த மேனேஜர் நாலு தடவை மெசேஜ் போட்டுட்டாரு. காலைல ஆறு மணிக்கே ஒண்ணு, அப்புறம் பன்னெண்டுக்கு ஒண்ணு, ஒரு மணிக்கு ஒண்ணு."

நம் காலை ஆறு என்றால் டொராண்டோவில் இரவு ஏழரை. அந்த நேரத்தில் ஒரு மேலாளர் செய்தி அனுப்பலாம். ஆனால் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்குமா? அங்கே அப்போது பின்னிரவு. அதைப் பற்றி நான் கேட்பதற்குள் அவள் பொத்தானைத் தைத்து முடித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஐந்து மணிக்கு மழை சற்றுக் குறைந்தது. தம்பி கூரியர் உறையைச் சட்டைக்குள் வைத்து வண்டியில் கிளம்புவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஐந்தே முக்காலுக்கு மேல், நனைந்து, லேப்டாப்போடு என் அறைக்கு வந்தான். மாடியில் மின்சாரம் போய்விட்டது. இன்வெர்ட்டர் கீழே மட்டும்தான். சேருவதற்கு முன்பான பயிற்சி என்று ஒரு வாரமாக அவனுக்குத் தினமும் மாலை ஆறு மணிக்கு அந்த மேலாளருடன் பேச்சு. டொராண்டோவில் காலை எட்டரை, அலுவலகத்துக்கு வந்ததும் முதல் வேலை இதுதான் என்று மேலாளர் சொல்லியிருந்தாராம்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன். சாயந்திர வண்டி போயிடுச்சாம். நாளைக்குக் காலைல போகும். ரசீதை போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிட்டேன்."

"பாஸ்போர்ட்டும் அதுலயே வச்சியா?"

"பின்ன, அதுக்குத் தனியா ஒரு கவரா? நீ ஏன்க்கா இன்னைக்கு இன்னும் வேலைக்கு உக்காரல? மணி ஆறாகப் போகுதே."

"எனக்கு இன்னைலேர்ந்து ஆறரை. அங்க நேரம் மாறிடுச்சு."

சொன்ன பிறகுதான் எனக்கு அது உறைத்தது. டொராண்டோவும் ஓஹையோவும் ஒரே நேரம். அங்கே எட்டரை என்றால் இன்று நமக்கு ஏழு மணி.

அவன் லேப்டாப்பில் மணி அடித்தது. நம் நேரம் ஆறு.

இது மட்டும் ஒன்றையும் காட்டிவிடாது என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். நம் வசதிக்காக நம் நேரத்தில் கூட்டம் வைக்கும் நிறுவனங்கள் உண்டு. எங்களிடமே வெள்ளிக்கிழமைக் கூட்டம் ஒன்று அப்படித்தான், வருடம் முழுக்க இந்தியா நேரத்தில் நிற்கும். அந்த மேலாளர் சீக்கிரம் எழுந்து ஏழரைக்கே அலுவலகம் வந்திருக்கலாம். நான் மேஜைமேல் இருந்த தாளில் எழுதி அவன் முன்னால் தள்ளினேன்: அங்கே இப்போது மணி என்ன என்று கேள்.

அவன் புருவத்தை உயர்த்தினான். ஆனால் கேட்டான். ஊர்க்கதை பேசுவதுபோல, சிரித்தபடி, அங்கே விடிந்துவிட்டதா, மணி எவ்வளவு என்று ஆங்கிலத்தில்.

மேலாளரின் குரல் தெளிவாக வந்தது. எட்டு முப்பத்திரண்டு, இப்போதுதான் காப்பியோடு உட்கார்ந்தேன், வழியெல்லாம் நெரிசல் என்றார்.

என் சுவரில் இரண்டாவது கடிகாரம் ஏழு முப்பத்திரண்டைக் காட்டியது. தம்பி அதைத் திரும்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அதன் பிறகு அந்தப் பேச்சில் அவன் சொன்னதெல்லாம் ஆமாம், சரி என்பது மட்டுமே. மேலாளர் விமான டிக்கெட் புதன்கிழமை வரும், விமான நிலையத்தில் ஒருவர் பலகையோடு நிற்பார், அவரோடு காரில் போய்விடுங்கள், பயிற்சி நடக்கும் இடம் நகருக்கு வெளியே, ஐந்தாறு மணி நேரப் பயணம் என்றார். அது அவனுக்கும் புதிது என்பது அவன் கையிலிருந்து தெரிந்தது. பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

பேச்சு முடிந்தது.

"உன் கடிகாரம் தப்பா இருக்கும்," என்றான்.

என் கைப்பேசியில் உலக நேரங்களைக் காட்டும் இடத்தில் டொராண்டோவைச் சேர்த்து அவன் முன்னால் வைத்தேன். ஏழு ஐம்பது.

"வாய் தவறிச் சொல்லியிருப்பாரு. மாறி ஒரு நாள்தானே ஆவுது."

"ஞாயித்துக்கிழமை முழுக்க அங்க இருந்திருக்கான். கைல இருக்கிற போன் தானா மாறிடும்டா. அங்க இருக்கிறவனுக்கு ஒரு மணி நேரம் கூடுதலா தூக்கம் கெடைச்சிருக்கும். அதை எவனும் மறக்க மாட்டான். இவன் நம்ம நேரத்துலேர்ந்து ஒம்பதரையைக் கழிச்சிச் சொல்றான். இன்னைக்குப் பத்தரையைக் கழிக்கணும்னு அவனுக்குத் தெரியல."

"நீ எப்பவுமே இப்படித்தான்க்கா. உனக்கு ராத்திரி வேலை, எனக்குப் பகல் வேலை கெடைச்சிடுச்சு. அதான்."

கைப்பேசியை எடுத்து மேஜை ஓரமாக வைத்தேன். பதில் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும். மணி ஆறரை நெருங்கியது. நான் உள்நுழைய வேண்டும். அவன் எழுந்து மாடிக்குப் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. என் பின்னால், துணி மடிக்கும் கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பழைய மின்னஞ்சல்களையெல்லாம் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் முதல் கோரிக்கையை எடுத்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது சொன்னான்:

"அவங்க வெப்சைட்ல இருக்கிற மெயில் முகவரியும் இதுவும் ஒண்ணா இல்லைக்கா. இதுல கம்பெனி பேருக்குப் பின்னால இன்னொரு வார்த்தை ஒட்டியிருக்கு. அது வேலைக்கு எடுக்கிறவங்களோட தனி முகவரின்னு நெனச்சேன்."

"அவங்க ஆபீஸ் எப்பத் திறக்கும்னு போட்டிருக்கா?"

"ஒம்பது மணி."

"அப்ப நமக்கு ஏழரை. மெயில்ல இருக்கிற நம்பருக்கு வேணாம். வெப்சைட்ல இருக்கிற நம்பருக்குக் கூப்பிடு. வேற ஒண்ணும் கேக்க வேண்டாம். இந்தப் பேர்ல ஒரு மேனேஜர் இருக்காரா, இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறீங்களா, அவ்வளவுதான்."

ஏழரைக்கு எனக்குக் கால் மணி நேர இடைவேளை உண்டு. அவன் இணையம் வழியாகக் கூப்பிட்டான். தானியங்கிக் குரல் ஒன்று மூன்று முறை எண் அழுத்தச் சொன்னது. கடைசியில் ஒரு பெண் எடுத்தார். அவசரமே இல்லாத குரல். தம்பி மேலாளரின் பெயரைச் சொன்னான். அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்றார். வேலையின் பெயரைச் சொன்னான். எங்களுக்கு ஆசியாவில் ஊழியர்களே இல்லை என்றார். பிறகு, நீங்கள் எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டார். இந்தியா என்றான். உங்களைப் போல முன்பும் ஒருவர் கூப்பிட்டார், தயவுசெய்து எங்கும் பயணம் போக வேண்டாம், வந்த மின்னஞ்சல்களை எங்களுக்கு அனுப்புங்கள் என்றார். அவர் தந்த முகவரியைத் தம்பி எழுதிக்கொண்ட விதத்தில், அவன் பள்ளிக்கூடத்தில் தண்டனையாக எழுதியது எனக்கு நினைவு வந்தது.

போனை வைத்தான்.

"முன்னாடி கூப்பிட்டவர் போனாரா இல்லையான்னு நான் கேக்கல," என்றான்.

பாங்காக் என்று சொல்லிக் கூட்டிப்போய், அங்கிருந்து காரில் எல்லைக்கு ஓட்டி, ஆற்றைத் தாண்டவைத்து, கம்பிவேலிக்குள் உட்காரவைத்து, பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, ஊரையெல்லாம் ஏமாற்றும் வேலையைச் செய்யச் சொல்லி அடிப்பார்கள் என்று செய்தித்தாளில் படித்திருக்கிறோம். நானும் படித்திருக்கிறேன், அவனும் படித்திருக்கிறான். அவையெல்லாம் இருபது வயதுப் பையன்களுக்கு நடப்பவை என்று நினைத்திருந்தோம். நல்ல ஆங்கிலம் பேசி, கணினி தெரிந்து, வேலையை விட்டுவிட்டு நிற்கும் நாற்பத்தொரு வயதுக்காரன் யாருக்காவது தேவைப்படுவான் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

தம்பி மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கையில் மெழுகுவர்த்தி. இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு அதை ஊதி அணைத்தாள்.

"என்ன?"

அவனே சொன்னான். சுற்றி வளைக்காமல் சொன்னான். முடிந்ததும், "பார்சல்?" என்றாள்.

அப்போதுதான் அவன் கைப்பேசியில் செய்தி வந்தது. மேலாளர். அவன் அதை எங்களுக்குப் படித்துக் காட்டினான்: கூரியர் எண்ணை வைத்துப் பார்த்தேன், பார்சல் இன்னும் நகரவில்லை. எங்கள் பயணப் பிரிவு ஆள் கும்பகோணத்தில் இருக்கிறார். காலையில் தஞ்சாவூர்க் கடையிலேயே வந்து பெற்றுக்கொள்வார். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று இருந்தது.

"கனடாக்காரனுக்குக் கும்பகோணத்துல என்ன வேலை?" என்றாள் அவள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அவன் கட்டை விரல் பதில் எழுதப் போனது. எல்லாம் தெரிந்துவிட்டது என்று திட்டி எழுதப் போகிறான் என்று புரிந்தது. வேண்டாம் என்றேன். பார்சல் கைக்கு வரும்வரை அவர்களுக்கு நமக்குத் தெரியும் என்பது தெரியக் கூடாது. கடை பூட்டிவிட்டது, காலையில் சொல்கிறேன் என்று மட்டும் எழுதினான். உடனே ஒரு கட்டை விரல் படம் வந்தது.

கூரியர் கடைக்காரரை எனக்குத் தெரியும். ஐம்பது வயதுக்காரர், மருத்துவக் கல்லூரி சாலையில் கடை, வீடு திருவையாற்றில். தீபாவளிக்குக் கணவரின் அக்காவுக்குப் புடவை அனுப்பியதும் அவரிடம்தான். ரசீதில் இருந்த எண்ணுக்குத் தம்பி கூப்பிட்டு ஒலிபெருக்கியில் வைத்தான்.

"சொல்லுங்க சார். சாயந்திரம் நனைஞ்சிட்டு வந்தீங்களே, நீங்கதானே?"

"ஆமாங்க. அந்தப் பார்சலை அனுப்ப வேண்டாங்க. நான் திரும்ப வாங்கிக்கிறேன்."

"அப்படியா? இப்பதான் ஒருத்தரு போன் பண்ணாரு, உங்க ஆளுன்னு. ரசீது நம்பரெல்லாம் கரெக்டா சொன்னாரு. காலைல கடைலயே வந்து வாங்கிக்கிறேன்னாரு. நானும் சரின்னுட்டேன்."

நான் குனிந்து கேட்டேன். "தமிழ்ல பேசினாருங்களா?"

"நம்ம ஊரு தமிழ்தாம்மா. ஐயா வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னுகூடக் கேட்டாரு. ஏம்மா, ஆளு தெரியாதவரா?"

தெரியாதவர் என்றேன். அவரிடம் கொடுக்க வேண்டாம், அதில் இருப்பது அசல் சான்றிதழ்கள், பாஸ்போர்ட், மோசடி ஆட்கள் என்று சந்தேகப்படுகிறோம் என்றேன். இப்போதே வந்து எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். திருவையாற்று ரோட்டில் ஒரு மரம் விழுந்து கிடக்கிறது, வண்டி வராது, வெட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றார் அவர்.

"பயப்படாதீங்கம்மா. சாவி என்கிட்டதான் இருக்கு. காலைல ஏழு மணிக்குத் திறந்துடுறேன். யாரு வந்தாலும் குடுக்க மாட்டேன். சாரை அடையாள அட்டையோட வரச் சொல்லுங்க, ரசீதும் வேணும்."

"அடையாள அட்டை அந்தப் பார்சலுக்குள்ளதான் இருக்குங்க," என்றான் தம்பி. "ஆதார் உட்பட."

"எல்லாத்தையுமா சார் போட்டீங்க?" என்றார். பிறகு, "போன்ல இருக்கும்ல, அதைக் காட்டுங்க போதும்," என்றார்.

எட்டு மணிக்கு மின்சாரம் வந்தது. அவர்கள் மாடிக்குப் போகவில்லை. தம்பி மனைவி என் அடுப்பிலேயே தோசை வார்த்தாள். அவனை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. எந்தக் காகிதத்தின் நகலெல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே போயிருக்கிறது என்று மட்டும் கேட்டாள். வீட்டு முகவரி, என் பெயர், அவள் பெயர், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டிய உறவினர் என்ற இடத்தில் மன்னார்குடியில் இருக்கும் அவள் அப்பாவின் எண். எல்லாம் போயிருந்தது. அப்பாவைக் கூப்பிட்டு, தெரியாத எண்ணிலிருந்து யார் எதைக் கேட்டாலும் தம்பியிடம் கேட்காமல் பேச வேண்டாம் என்று சொன்னாள். காரணம் சொல்லவில்லை. சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்க, வந்த செய்திகளையெல்லாம் தம்பி ஒன்றன் பின் ஒன்றாகப் படமெடுத்து வைத்தான். கல்லூரியில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று யாரும் பேசவில்லை. அவன் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள் என்று வெள்ளிக்கிழமையே அவன் சொல்லியிருந்தான்.

இடைவேளை எப்போதோ முடிந்திருந்தது; நான் இருக்கைக்குத் திரும்பினேன். ஓஹையோவில் மேற்பார்வையாளர் காலை வணக்கம் எழுதியிருந்தார். இன்று எங்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் தூக்கம், உங்களுக்கு எப்படி என்று. நன்றாக இருக்கிறது என்று பதில் எழுதினேன். மூன்றரைக்கு வேலை முடிந்தது. படுக்கவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை. ஆறே முக்காலுக்குத் தம்பி வண்டியை எடுத்தான். நான் பின்னால் உட்கார்ந்தேன். மழை இல்லை. கடை வாசலில் ஷட்டர் இறங்கியிருந்தது. எதிர்ப்புறம் டீக்கடையில் நான்கைந்து பேர். ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றாமல் நின்றபடி டீ குடித்துக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் அப்படி நிற்பவர்கள் உண்டு. நான் இரண்டு முறை பார்த்தேன்; மூன்றாம் முறை பார்க்கவில்லை.

ஏழு மணிக்குச் சரியாகக் கடைக்காரர் வந்து ஷட்டரைத் தூக்கினார். செருப்பைக் கழற்றி, சாமி படத்துக்கு ஊதுபத்தி ஏற்றப் போனவர் எங்களைப் பார்த்து அதை வைத்துவிட்டு, தரையில் கிடந்த சாக்கிலிருந்து பழுப்பு உறையை எடுத்தார். தம்பி ரசீதையும் கைப்பேசியில் ஆதாரையும் காட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டையும் படித்துக்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

"ஆமாங்க, கடைதான்... இல்லைங்க, அதைக் குடுக்க முடியாது. அவங்களே வந்துட்டாங்க. எதிர்லதான் நிக்கிறாங்க."

கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். "வச்சிட்டான்," என்றார்.

தம்பி அங்கேயே, மேஜைமேல் வைத்து, உறையின் விளிம்பைப் பல்லால் கிழித்தான். சான்றிதழ்களைத் தொடவில்லை. முதலில் பாஸ்போர்ட்டை எடுத்து, தன் படம் இருக்கும் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, அதை என் கையில் கொடுத்தான்.